கண்ணுல மின்னல் கோடு தெரியுதுன்னா ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஏன் வேணாம்: ஒரு வாசகிக்கு மகப்பேறு மருத்துவரோட பதில்

வாசகியோட கடிதம்

"டாக்டர், எனக்கு வயசு 36. சென்னையில ஐடி வேலை, ரெண்டு பிள்ளைங்க. அஞ்சு வருஷமா கருத்தடை மாத்திரை போடறேன். அதுக்கு முன்னாடி பீரியட்ஸ் ரொம்ப அதிகமா போகும், மாத்திரைக்கு அப்புறம்தான் அடங்குச்சு. போன மாசம் ஒரு புது டாக்டர்கிட்ட போனேன், தலைவலி வருமான்னு கேட்டாங்க. வருஷத்துக்கு நாலஞ்சு தடவை ஒத்தைத்தலைவலி வரும், அதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் கண்ணுல வளைஞ்சு வளைஞ்சு மின்னுற கோடு தெரியும்னேன். உடனே மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாங்க. என்னோடது லோ டோஸ், 20 மைக்ரோகிராம்தான். பிபி நார்மல். அஞ்சு வருஷமா ஒன்னும் ஆகலை. அவங்ககிட்ட நான் சொல்லாத ஒன்னு, ஆபீஸ்ல தினமும் அஞ்சாறு சிகரெட் பிடிப்பேன், வீட்ல யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு பிரசவம் முடிஞ்ச மூணாவது வாரம் கால்ல ரத்தக்கட்டி வந்துச்சு. வெளிநாட்ல இருக்கற ஃப்ரெண்ட் தோல்ல ஒட்டுற பேட்ச் சேஃப்ங்கறா. வர்ற மாசம் குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகம் வேற, பீரியட்ஸ் தள்ளிப்போட மாத்திரையாவது போடலாமா?"

பதில்

வணக்கம்மா. அந்த டாக்டர் சொன்னது சரி, மாத்திரையை நிறுத்திடுங்க. சிகரெட்டையும் அக்கா விஷயத்தையும் ஒதுக்கி வெச்சுட்டு கண்ணுல தெரியற அந்த கோட்டை மட்டும் பார்த்தாலே இந்த முடிவுதான் வரும், மத்த ரெண்டும் அதை இன்னும் உறுதியாக்குது, அவ்வளவுதான். ஏன்னு முழுசா சொல்றேன், ஏன்னா காரணம் புரியலைன்னா நாளைக்கு வேற ஒரு டாக்டரோ மெடிக்கல் ஷாப்போ வேற பேர்ல அதே மருந்தைக் கொடுத்தா வாங்கிப் போட்டுடுவீங்க.

கண்ணுல தெரியற அந்த கோடு மாதிரி தலைவலியோட வர்ற அறிகுறிக்கு ஆரான்னு பேரு. முதல்ல, நீங்க சொல்றது நிஜமாவே ஆராதானான்னு பார்க்கணும். ஒத்தைத்தலைவலி வர்றவங்க நிறைய பேர் "கண்ணு கூசும், மங்கலா தெரியும்"னு சொல்லுவாங்க, அது ஆரா கிடையாது, தலைவலியோட சேர்ந்து வர்ற தொந்தரவு. ஆரான்னா பெரும்பாலும் தலைவலிக்கு முன்னாடி வரும். பார்வையில ஒரு சின்ன புள்ளியா ஆரம்பிச்சு, அஞ்சு நிமிஷமோ அதுக்கு மேலயோ மெதுவா பரவும், ஓரம் கோட்டைச்சுவர் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு மின்னும், அது நகர்ந்து போற இடத்துல கொஞ்ச நேரம் ஒன்னும் தெரியாது, ஒரு மணி நேரத்துக்குள்ள எல்லாம் தானா சரியாகிடும். சிலருக்கு விரல் நுனியில மரமரப்பு ஆரம்பிச்சு கை வழியா ஏறி உதடு நாக்கு வரைக்கும் போகும், சிலருக்கு கொஞ்ச நேரம் வார்த்தை வராது. அடுத்த தடவை வரும்போது ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க, எந்தக் கண்ணை மூடினாலும் கோடு தெரியும், ஏன்னா அது கண்ணுல நடக்கலை, மூளையோட பின்பக்கத்துல பார்வைக்கான பகுதியில நடக்குது. அங்க ஒரு மின் அலை நிமிஷத்துக்கு சுமாரா மூணு மில்லிமீட்டர் வேகத்துல பரவிப் போகுது, அதனாலதான் அந்த கோடும் அவ்வளவு மெதுவா நகருது. நீங்க எழுதியிருக்கற இருபது நிமிஷம், வளைஞ்ச கோடு, அப்புறம் தலைவலி, இது பாடப்புத்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கு. நரம்பியல் டாக்டர்கிட்ட ஒருமுறை காட்டி உறுதி பண்ணிக்கோங்க, ஆனா அதுவரைக்கும் மாத்திரையைத் தொடர வேண்டாம்.

ஈஸ்ட்ரோஜன் உள்ள என்ன பண்ணுது

உங்க மாத்திரையில ரெண்டு ஹார்மோன் இருக்கு. ஒன்னு எத்தினில் எஸ்ட்ரடையால், அதான் ஈஸ்ட்ரோஜன். இன்னொன்னு புரோஜெஸ்டோஜன் வகை. கருத்தரிக்காம தடுக்கற வேலையை பெரும்பாலும் ரெண்டாவதுதான் பண்ணுது, ஈஸ்ட்ரோஜன் முக்கியமா ரத்தப்போக்கை ஒழுங்கா வெச்சுக்கறதுக்கு உதவுது. இந்த எத்தினில் எஸ்ட்ரடையால் கல்லீரலுக்குப் போனதும் ரத்தம் உறையறதுக்குத் தேவையான புரதங்களை அதிகமா செய்ய வைக்குது, ஃபைப்ரினோஜென் மாதிரி. அதே சமயம் உறையாம காக்கற புரோட்டீன் எஸ் மாதிரியான புரதங்களைக் குறைச்சுடுது. அதாவது ரத்தத்தோட தராசு கொஞ்சம் உறையற பக்கமா சாயுது. ஆரோக்கியமான, சிகரெட் பழக்கமில்லாத 25 வயசுப் பொண்ணுக்கு இந்த சாய்வு பெரிய விஷயமே இல்ல, தாங்கிக்கும், அதனாலதான் கோடிக்கணக்கான பெண்கள் இந்த மாத்திரையை நிம்மதியா போடறாங்க. ஏற்கனவே வேற காரணத்துக்காக சாய்ஞ்சிருக்கறவங்களுக்குத்தான் பிரச்சனை.

ஆரா உள்ள ஒத்தைத்தலைவலிக்காரங்களுக்கு மூளை ரத்தக்குழாய் அடைச்சு வர்ற பக்கவாதத்தோட வாய்ப்பு தானாவே மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு. ஏன்னு இன்னும் முழுசா பிடிபடலை, ரத்தக்குழாய் உட்சுவரோட நடத்தையும் அந்த மின் அலை போகும்போது ரத்த ஓட்டம் குறையறதும் காரணமா இருக்கலாம்னு நினைக்கறாங்க. அதுமேல ஈஸ்ட்ரோஜன் சேர்ந்தா என்ன ஆகுதுன்னு ஐரோப்பிய நிபுணர்கள் குழு ஒன்னு கணக்குப் போட்டு வெச்சிருக்கு. 20ல இருந்து 44 வயசுக்குள்ள, ஒத்தைத்தலைவலியும் இல்ல மாத்திரையும் இல்லன்னா வருஷத்துக்கு லட்சம் பெண்கள்ல ரெண்டு மூணு பேருக்கு இந்த பக்கவாதம் வரும். ஆரா மட்டும் இருந்தா லட்சத்துக்கு ஆறு பேர். ஆராவோட இந்த மாத்திரையும் சேர்ந்தா லட்சத்துக்கு 37 பேர்.

இதைப் பார்த்து பயந்து தூங்காம இருக்காதீங்க, லட்சத்துக்கு 37ங்கறது உங்களுக்கு இன்னைக்கே வந்துடும்னு அர்த்தமில்ல, பெரும்பாலானவங்களுக்கு வரப்போறதில்ல. நான் எடை போடறது வேற ஒன்னை. ஒரு பக்கம் 36 வயசுல, ரெண்டு சின்னப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு, பேச்சோ ஒரு பக்கக் கையோ போயிடக்கூடிய வாய்ப்பு. இன்னொரு பக்கம் அதே அளவு, ஏன் அதைவிட நல்லாவே கருத்தடை தர்ற, ஈஸ்ட்ரோஜனே இல்லாத வழிங்க கையில தயாரா இருக்கு. இப்படி இருக்கும்போது அந்த சின்ன ரிஸ்க்கை எடுக்க ஒரு காரணமும் இல்ல. உலக சுகாதார நிறுவனம் கருத்தடை முறைகளை ஒன்னுல இருந்து நாலு வரைக்கும் வகைப்படுத்தி வெச்சிருக்கு, ஒன்னுன்னா தாராளமா தரலாம், நாலுன்னா தரவே கூடாது. ஆரா இருக்கறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த முறை எந்த வயசா இருந்தாலும் நாலு. வருஷத்துக்கு எத்தனை தடவை வருதுங்கற கேள்வியே அதுல கிடையாது, அதனால நாலஞ்சு தடவைதானேன்னு சமாதானம் பண்ணிக்க முடியாது.

நீங்க நினைச்சுக்கிட்டிருக்கற சில விஷயங்கள்

லோ டோஸ் பத்தி. 1960கள்ல வந்த மாத்திரைங்கள்ல ஈஸ்ட்ரோஜன் 50 மைக்ரோகிராமும் அதுக்கு மேலயும் இருந்துச்சு, அதோட ஒப்பிட்டா 20 கண்டிப்பா குறைவு, ரிஸ்க்கும் குறைவு. ஆனா பூஜ்யம் இல்ல, ஆரா இருக்கறவங்களுக்கு இந்த அளவுக்குக் கீழ போனா பாதுகாப்புன்னு ஒரு கோடு யாரும் போடலை. அப்புறம் டப்பால ஈஸ்ட்ரோஜனோட எண்ணை மட்டும் பார்க்காதீங்க, கூட இருக்கற இன்னொரு ஹார்மோன் எதுங்கறதும் முக்கியம். மாத்திரையே போடாத பெண்கள்ல வருஷத்துக்கு பத்தாயிரத்துக்கு ரெண்டு பேருக்கு கால்லயோ நுரையீரல்லயோ ரத்தக்கட்டி வரும், லெவோநார்ஜெஸ்ட்ரல் கலந்த மாத்திரையில அது அஞ்சுல இருந்து ஏழு, டிராஸ்பிரினோனோ டெசோஜெஸ்ட்ரலோ கலந்ததுல ஒன்பதுல இருந்து பன்னெண்டு. 20 மைக்ரோகிராம் மாத்திரைங்க நிறைய இந்த ரெண்டாவது கூட்டத்துல வர்றதுதான்.

அஞ்சு வருஷம் ஒன்னும் ஆகலையேன்னு கேக்கறீங்க. கால் நரம்புல வர்ற ரத்தக்கட்டிக்கு முதல் வருஷம்தான் ரொம்ப ஆபத்து, அதை நீங்க தாண்டிட்டீங்க, அது உண்மை. ஆனா மூளைக்கும் இதயத்துக்கும் போற ரத்தக்குழாய் அடைப்பு அப்படி இல்ல, அது வயசோட ஏறிக்கிட்டே போகும். 31 வயசுல உங்களுக்கு இருந்த கணக்கு வேற, இப்ப வேற. இன்னொன்னு, ஒரு மாசத்துக்கு மேல நிறுத்திட்டு திரும்ப ஆரம்பிச்சா அந்த முதல் வருஷ ஆபத்து திரும்ப வந்துடும், அதனால நடுவுல விட்டு விட்டு போடறது எந்த விதத்துலயும் பாதுகாப்பு இல்ல.

பிபி நார்மலா இருக்கறது நல்ல விஷயம்தான், பிபி கூட இருந்திருந்தா அதுவே தனியா மாத்திரையை நிறுத்த ஒரு காரணம். ஆனா பிபி நார்மல்ங்கறது ஆராவை ஈடுகட்டாது.

பேட்ச் விஷயத்துல உங்க ஃப்ரெண்ட் நினைக்கறது நிறைய பேர் நினைக்கறதுதான், வயித்து வழியா போகலைன்னா கல்லீரலுக்குப் போகாதேன்னு. எத்தினில் எஸ்ட்ரடையால் தோல் வழியா ரத்தத்துல கலந்தாலும், பிறப்புறுப்புக்குள்ள வைக்கற ரிங் வழியா கலந்தாலும், ரத்தத்தோட சுத்தி கல்லீரலுக்குப் போய் அதே வேலையைத்தான் பண்ணும். பேட்ச்ல ரத்தக்கட்டி ரிஸ்க் மாத்திரையைவிடக் குறைவுன்னு எந்த ஆதாரமும் இல்ல.

சிகரெட்டும் அக்காவும்

சிகரெட்டை அந்த டாக்டர்கிட்ட சொல்லாததுக்கு காரணம் எனக்குப் புரியுது, நம்ம ஊர்ல ஒரு பொண்ணு அதைச் சொன்னா என்ன பார்வை பார்ப்பாங்கன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஆனா இது எந்த மருந்து தரலாங்கற முடிவையே மாத்தற தகவல், அடுத்த தடவை கண்டிப்பா சொல்லுங்க, நீங்க சொல்றது வீட்டுக்குப் போகக் கூடாது, ரகசியமா வெச்சுக்கறது டாக்டரோட கடமை. 35 வயசு தாண்டினவங்க சிகரெட் பிடிச்சா, ஒரு நாளைக்கு 15க்குக் கீழன்னா ஈஸ்ட்ரோஜன் மாத்திரை மூணாவது வகை, அதாவது பொதுவா தவிர்க்கணும், 15ம் அதுக்கு மேலயும்னா நாலாவது வகை. சிகரெட் ரத்தக்குழாயோட உட்சுவரைக் கெடுக்குது, ரத்தத் தட்டணுக்களை ஒட்டிக்க வைக்குது, மேல ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்தா மாரடைப்பு வர வாய்ப்பு ரெண்டையும் தனித்தனியா கூட்டினதைவிட அதிகமாகுது. 35னு ஏன் வயசு வெச்சிருக்காங்கன்னா, அதுக்குக் கீழ மாரடைப்பு ரொம்ப அபூர்வம், பெருக்கினாலும் சின்ன எண்ணாத்தான் நிக்கும், 35க்கு மேல அந்த அடிப்படை எண்ணே ஏற ஆரம்பிச்சுடுது. சிகரெட்டை விட்டுட்டா மாத்திரைக்குத் திரும்பலாமான்னு அடுத்து கேப்பீங்க. ஆரா இல்லாதவங்களா இருந்தா ஒரு வருஷம் கழிச்சு யோசிக்கலாம். உங்களுக்கு வேண்டாம். ஆனா ஆராவும் சிகரெட்டும் சேர்ந்தாலே, மாத்திரை இல்லாமலே, பக்கவாத ரிஸ்க் கூடுது, அதனால அதை விடறதுக்கு உதவி கேளுங்க, நிகோட்டின் சூயிங்கம் மெடிக்கல்லயே கிடைக்குது.

அக்காவுக்கு வந்தது பிரசவ சமயத்து ரத்தக்கட்டி, கர்ப்பகாலத்து மாற்றங்களால அந்த நேரத்துல ரத்தம் இயல்பாவே உறையற பக்கம் இருக்கும், பிரசவம் முடிஞ்ச ஆறு வாரம் வரைக்கும் ஆபத்து அதிகம். இப்படி ஒரு தடவை வந்தவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை வாழ்நாள் முழுக்க வேண்டாம், நாலாவது வகை, எத்தனை வருஷம் ஆனாலும் சரி. அவங்க வேற யாராவது டாக்டர்கிட்ட முகப்பருக்கோ பீரியட்ஸுக்கோ போனா முதல் வரியிலயே இதைச் சொல்லணும். உங்களுக்கு, கூடப்பிறந்தவங்களுக்கு வந்திருக்குங்கறதால ரிஸ்க் கொஞ்சம் கூடுதல், அதை மட்டும் வெச்சு மாத்திரையை மறுக்க மாட்டோம், யோசிச்சுத் தருவோம். அக்காவுக்கு பரம்பரையா ரத்தம் உறையற குறைபாடு இருக்குன்னு டெஸ்ட்ல தெரிஞ்சிருந்தா மட்டும் உங்க டாக்டர்கிட்ட அந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்க.

கும்பாபிஷேகத்துக்கு தள்ளிப்போடற மாத்திரை

உங்க கடிதத்துலயே என்னை நிமிர்ந்து உக்கார வெச்சது இந்தக் கேள்விதான். பீரியட்ஸ் தள்ளிப்போட மெடிக்கல்ல சீட்டு இல்லாமலே வாங்கற மாத்திரை பெரும்பாலும் நாரெத்திஸ்டெரோன் 5 மில்லிகிராம், நாளைக்கு மூணு வேளை. அதுல ஈஸ்ட்ரோஜன் கிடையாதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க, அட்டையிலயும் அப்படித்தான் இருக்கும். ஆனா உடம்புக்குள்ள போனதும் அதுல ஒரு சின்ன பங்கு எத்தினில் எஸ்ட்ரடையாலா மாறுது. தினம் 10ல இருந்து 20 மில்லிகிராம் போட்டா, 20ல இருந்து 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் போட்டதுக்குச் சமம். கணக்கு பார்த்தா நீங்க நிறுத்தப் போற மாத்திரையையே வேற பேர்ல போடற மாதிரி. அதனால உங்களுக்கும் வேண்டாம், உங்க அக்காவுக்கு நிச்சயமா வேண்டாம். கோயில்ல கண்டிப்பா இருக்கணும்னு ஆசைப்பட்டா, மெட்ராக்ஸி புரோஜெஸ்டெரோன்னு ஒன்னு இருக்கு, அது அப்படி மாறறதில்ல, ஆனா அதையும் உங்க விவரமெல்லாம் தெரிஞ்ச டாக்டர்தான் எழுதித் தரணும். அதிக ரத்தப்போக்குக்கும் இதே நாரெத்திஸ்டெரோனை எழுதற வழக்கம் நிறைய இருக்கு, அதனால உங்க பழைய சீட்டுங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்க.

அப்போ உங்களுக்கு எது

மாத்திரையை நிறுத்தினா பாதுகாப்பும் உடனே போயிடும், அதனால இன்னைக்கே ஆணுறை வாங்கி வெச்சுக்கோங்க. அட்டையோட ரெண்டாவது மூணாவது வாரத்துல, ஒன்னும் விடாம போட்டிருந்தீங்கன்னா, இதுவரைக்கும் நடந்ததுக்கு கவலை இல்ல. புது அட்டை ஆரம்பிச்ச முதல் வாரத்துல நிறுத்தினா, அதுக்கு முன்னாடி இடைவெளி நாட்கள்லயும் உறவு இருந்திருந்தா, டாக்டரைக் கேளுங்க, அவசர கருத்தடை தேவைப்படலாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரையில ஈஸ்ட்ரோஜன் இல்ல, ஆரா இருந்தாலும் போடலாம்.

நிரந்தரமா எதுன்னு கேட்டா, உங்களுக்கு பீரியட்ஸ் அதிகமா போகுங்கறதால நான் முதல்ல சொல்றது ஹார்மோன் உள்ள லூப், லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மில்லிகிராம் உள்ளது. அதுல இருந்து ரத்தத்துல கலக்கற மருந்து ரொம்ப கொஞ்சம், கருப்பைக்குள்ளயே வேலை செய்யுது, ரத்தப்போக்கை நல்லா குறைச்சுடும், நிறைய பேருக்கு ஒரு வருஷத்துல பீரியட்ஸே நின்னுடும், அது கெடுதல் இல்ல, கெட்ட ரத்தம் உள்ள தங்கிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. முதல் மூணு நாலு மாசம் சொட்டு சொட்டா ரத்தம் பட்டுக்கிட்டே இருக்கும், அதுலதான் பலபேர் பொறுமை இழந்து எடுத்துடறாங்க. தனியார்ல சில ஆயிரம் ரூபா ஆகும், ஆனா வருஷக்கணக்குல தாங்கும். போடறதுக்கு முன்னாடி இவ்வளவு போறதுக்கு காரணம் கட்டியான்னு ஒரு ஸ்கேன் பார்த்துடணும், ஹீமோகுளோபினும் பார்க்கணும்.

காப்பர் டி ரத்தக்கட்டி விஷயத்துல சுத்தமான ஒன்னு, ஹார்மோனே கிடையாது, அரசு ஆஸ்பத்திரியில இலவசம், 380ஏ பத்து வருஷம் வரும். அக்காவுக்கு நல்லா பொருந்தும், அவங்க ரத்தம் நீர்க்கற மருந்து போடலைன்னா. உங்களுக்கு பீரியட்ஸ் இன்னும் கூடலாம், அதனால ரெண்டாவது இடம். ஈஸ்ட்ரோஜன் இல்லாம டெசோஜெஸ்ட்ரல் மட்டும் உள்ள மாத்திரையும் போடலாம், தினமும் ஒரே நேரத்துல, ஆரா திடீர்னு கூடினா டாக்டர்கிட்ட போயிடணும். ஒத்தைத்தலைவலிக்கு நரம்பியல் டாக்டர் டோபிராமேட் கொடுத்தா மட்டும் இந்த மாத்திரையை நம்பாதீங்க, அது கருத்தடை வேலையைக் குறைச்சுடும், லூப்பையோ காப்பர் டியையோ அது பாதிக்காது. மூணு மாசத்துக்கு ஒரு ஊசியான அந்தராவும் இருக்கு, ரத்தக்கட்டி வந்த குடும்பம்ங்கறதால நான் அதை முதல்ல எடுக்க மாட்டேன். இனி பிள்ளை வேண்டாம்னு முடிவாகியிருந்தா உங்க கணவர்கிட்ட வாசெக்டமி பத்தி பேசுங்க, தழும்பே தெரியாத சின்ன ஆபரேஷன், அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம், மூணு மாசம் கழிச்சு விந்து டெஸ்ட் பார்க்கற வரைக்கும் மட்டும் ஆணுறை.

எப்போ ஓடணும்

மாத்திரையோட தாக்கம் ரத்தத்துல இருந்து முழுசா விலக சில வாரங்கள் ஆகும், அதனால இந்த ரெண்டு மூணு மாசம் கொஞ்சம் கவனமா இருங்க. ஒரு கால் மட்டும் கெண்டைச்சதையில வலிச்சு வீங்கினா, திடீர்னு மூச்சு வாங்கினா, நெஞ்சுல குத்தினா அன்னைக்கே ஆஸ்பத்திரி. ஆரா உங்களுக்குப் பழகின மாதிரி மெதுவா பரவாம ஒரே நொடியில வந்தா, ஒரு மணி நேரம் தாண்டியும் போகலைன்னா, ஒரு பக்கம் கை கால் தூக்க முடியலைன்னா, வாய் கோணினா, இது தலைவலிதான்னு படுத்துடாதீங்க. 108ஐக் கூப்பிட்டு சிடி ஸ்கேன் இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, அடைப்பைக் கரைக்கற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ளதான் போட முடியும், அதனால எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுதுன்னு கூட வர்றவங்க குறிச்சு வெச்சுக்கணும், நீங்க என்ன மாத்திரை போட்டீங்க எப்ப நிறுத்தினீங்கங்கறதையும் அங்க சொல்லணும். இதை உங்க கணவருக்கு இன்னைக்கே சொல்லி வையுங்க.